சாம்பார் பட்ட புதுச்சட்டை: லேபிளைப் பார்த்து மஞ்சள் கறையை நீக்கும் வழி

புதுத்துணியில் படும் கறைகளில் எங்கள் ஊர்ப்பக்கம் முதலிடம் மஞ்சளுக்குத்தான். பந்தியில் சிந்தும் சாம்பார் ஒருபுறம், உடுத்தும் முன்பே ஓரத்தில் தொட்டு வைக்கும் மங்கல மஞ்சள் மறுபுறம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் நடத்தும் தையல் மற்றும் ஆல்டரேஷன் கடைக்குத் தீபாவளிக்கு மறுநாளும் பொங்கலுக்கு மறுநாளும் வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் இந்தக் கறைதான் இருக்கும். அதனால் எல்லாக் கறைகளையும் தொடாமல் மஞ்சள் கறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் லேபிளைக் கண்டுபிடியுங்கள். கழுத்துப் பின்புறம் இருப்பது பெரும்பாலும் கடைப்பெயரும் அளவும்தான். நமக்குத் தேவையானது சட்டையின் உட்புறத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, பக்கத் தையலில் மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். அதில் ஐந்து படங்கள் ஒரே வரிசையில் வரும்: தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம். சதுரமும் இஸ்திரியும் சில நாட்டு லேபிள்களில் இடம் மாறியிருக்கலாம். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த சட்டையாக இருந்தால் எழுத்து பிரெஞ்சில் இருக்கும், படங்கள் மாறாது. இந்தப் படங்களைப் பராமரிக்கும் ஜினெடெக்ஸ் என்ற சங்கமே 1963இல் பாரிசில் தொடங்கப்பட்டதுதான்.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருகிறது. அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதை வீழ்த்தக்கூடியவை மூன்று: ப்ளீச், வெயில், சாராய வகைக் கரைப்பான். இந்த மூன்றில் எதை உங்கள் துணி தாங்கும் என்பதற்கு லேபிளில் தனித்தனிப் படம் இருக்கிறது. ப்ளீச்சுக்கு முக்கோணம், வெயிலுக்குச் சதுரம், கரைப்பானுக்கு வட்டம். தொட்டி எவ்வளவு சூடான தண்ணீர், எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்கிறது. இஸ்திரிப் பெட்டியைக் கறை முழுதாகப் போகும்வரை பார்க்கவே வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த கறைமேல் சூடு பட்டால் அது துணியோடு ஊறிவிடும்.

இன்னொன்று. லேபிளில் உள்ளது துணியின் மேல்வரம்பு. தொட்டிக்குள் 30 என்றிருந்தால் 30 டிகிரிக்கு மேல் கூடாது என்று பொருள். 30 டிகிரி இருந்தே ஆக வேண்டும் என்பதல்ல. மே மாதத்தில் மொட்டை மாடிப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து நண்பகலில் குழாயில் வரும் தண்ணீர் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். அந்த நாட்களில் காலையிலேயே பிடித்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துவிட்டது

பதறி ஓடிவருகிறவர்களில் அதிகம் பேர் சொல்வது இதைத்தான். "மஞ்சளாக இருந்தது, சோப்புத் தேய்த்ததும் இரத்தம் மாதிரி ஆகிவிட்டது, துணியே போய்விட்டது அண்ணா" என்பார்கள். துணி போகவில்லை. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடந்திருக்கிறது. சுண்ணாம்பைப் போலவே சலவை சோப்பும் சலவைத்தூளும் காரத்தன்மை உள்ளவை. காரம் பட்டால் குர்குமின் செம்பழுப்பாகும், காரம் போனால் மறுபடி மஞ்சளாகும். கறை பெரிதாகவும் இல்லை, நிரந்தரமாகவும் ஆகவில்லை. எங்கே எவ்வளவு மஞ்சள் ஒளிந்திருக்கிறது என்று காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: துணியைத் திருப்பி, கறையின் பின்புறத்திலிருந்து தண்ணீர் ஓடும்படி குழாயில் பிடியுங்கள். முன்புறத்திலிருந்து பிடித்தால் மஞ்சள் துணிக்குள்ளேயே தள்ளப்படும். சோப்பின் வழவழப்பு முழுதாகப் போகும்வரை அலசுங்கள். பருத்தி, லினன், பாலியஸ்டர் என்றால் இது போதும். பட்டு அல்லது கம்பளி என்று லேபிள் சொன்னால் காரம் இழைக்கே கெடுதல். ஒரு கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அந்த இடத்தை நனைத்து, ஒரு நிமிடம் கழித்து நன்றாக அலசிவிடுங்கள். சிவப்பு மறுபடி மஞ்சளாகும்.

வினிகர் கறையை எடுப்பதில்லை, நிறத்தை மட்டும் திருப்புகிறது. "வினிகர் போட்டேன், சிவப்புப் போய்விட்டது" என்று அதோடு நிறுத்தியவர்கள் அடுத்த சலவையில் அதே சிவப்பைப் பார்ப்பார்கள். வினிகர் போட்ட துணியை அலசாமல் ப்ளீச்சில் போடவே கூடாது. குளோரின் ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் நச்சு வாயு வரும். மூடிய குளியலறையில் அது உண்மையான ஆபத்து.

அறிகுறி: துவைத்தாயிற்று, மஞ்சள் அப்படியே இருக்கிறது

இங்கேதான் முக்கோணம் வேலைக்கு வருகிறது. மூன்று விதமாக இருக்கும்.

உள்ளே ஒன்றும் இல்லாத வெற்று முக்கோணம் என்றால் எந்த வகை ப்ளீச்சும் போடலாம், குளோரின் உட்பட. வெள்ளைப் பருத்தி வேட்டி, பனியன், படுக்கைவிரிப்பு போன்றவற்றில்தான் இதைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி குளோரின் வெளுப்புத் திரவம் கலந்து, கறைப் பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் அதில் வைத்தாலே மஞ்சள் கண்முன்னே மறையும். மளிகைக்கடையில் அள்ளித் தரும் ப்ளீச்சிங் பவுடரைத் துணிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் வீரியம் உங்களுக்குத் தெரியாது, கரையாத துகள் ஒட்டிய இடத்தில் ஓட்டை விழும்.

முக்கோணத்துக்குள் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் குளோரின் கூடாது, ஆக்சிஜன் வகை மட்டும் போடலாம். இந்தப் படத்தைப் பலர் "ப்ளீச் போடக்கூடாது" என்று தவறாகப் படிக்கிறார்கள். அப்படியல்ல, இது அனுமதி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இந்த வகை. பாட்டிலில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்குங்கள்.

முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் இரண்டும் கூடாது. அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

முக்கோணம் அனுமதித்தாலும் ஒரு சோதனை வேண்டும். பக்கத் தையலின் உள்மடிப்பில், அதாவது லேபிள் தைத்திருக்கும் அதே இடத்தில், ஒரு சொட்டு பெராக்சைடை வைத்துப் பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினாலோ உள்மடிப்பு வெளுத்தாலோ நிறுத்திவிடுங்கள். புதுத்துணிக்கு இது கூடுதல் அவசியம். ஒருமுறைகூடத் துவைக்காத துணியில் ஒட்டாத உபரிச் சாயம் இன்னும் மீதம் இருக்கும்.

ஒரு துணியை வைத்து முழுதாகப் பார்க்கலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணப் பந்தி. புது மாப்பிள்ளையின் வானநீலச் சட்டையில் சாம்பார் சிந்தியது: இடது கையின் மணிக்கட்டுப் பட்டியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு, சட்டைப்பைக்குக் கீழே சிறு தெறிப்புகள். மாமியார் அன்றிரவே சலவை சோப்பைத் தேய்த்துவிட்டார், கறை சிவந்தது, மறுநாள் சட்டை என்னிடம் வந்தது. லேபிளில் லினன் 55, பருத்தி 45 சதவீதம். தொட்டியில் 30, அடியில் ஒரு கோடு. முக்கோணத்தில் இரண்டு சாய்கோடுகள். சதுரத்தில் ஒரு நேர்க்கோடு, இடது மேல்மூலையில் ஒரு சாய்கோடு. இஸ்திரியில் இரண்டு புள்ளி. வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து பி.

இதைத் தமிழில் சொன்னால்: 30 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, தொட்டியின் அடியில் ஒரு கோடு இருப்பதால் மென்மையாகக் கசக்க வேண்டும், குளோரின் கூடாது ஆனால் பெராக்சைடு போடலாம், கொடியில் தொங்கவிடலாம் ஆனால் நிழலில். டிரை கிளீனிங் கரைப்பான்களையும் தாங்கும்.

முதல் வேலை சோப்பை அலசி எடுத்தது. அடுத்து எண்ணெய். சாம்பாரில் மஞ்சள் தாளிப்பு எண்ணெயோடு சேர்ந்துதான் துணியில் இறங்குகிறது. எண்ணெய் இருக்கும்வரை பெராக்சைடு மஞ்சளைத் தொட முடியாது. பாத்திரம் துலக்கும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் பின்புறத்திலிருந்து அழுத்தி, பத்து நிமிடம் வைத்து அலசினேன். திரவ வகை பெரும்பாலும் அதிகக் காரம் இல்லாதது, ஆகவே அதில் கறை அவ்வளவு சிவக்காது. பாத்திரம் துலக்கும் கட்டி சோப்பு அப்படியல்ல.

பிறகு உள்மடிப்பில் சோதனை. நீலம் அசையவில்லை. பழைய வெள்ளைத் துண்டை மடித்து அடியில் வைத்து, 3 சதவீத பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கறைமேல் வைத்தேன். கால் மணி நேரத்தில் தெறிப்புகள் போய்விட்டன. மணிக்கட்டுப் பட்டியில் மஞ்சள் பாதியாகக் குறைந்தது. அலசிவிட்டு இன்னொரு கால் மணி நேரம். அதற்கு மேல் வைக்கவில்லை. நீளமாக ஒரே தடவை ஊறவைப்பதைவிட, குறுகிய நேரமாகப் பிரித்து நடுவில் பார்த்துக்கொள்வது நல்லது. பெராக்சைடு மஞ்சளை மட்டும் தேடிப் போவதில்லை, நீலத்தையும் மெதுவாகத் தின்னும்.

பட்டியின் மடிப்பு விளிம்பில் மெல்லிய மஞ்சள் நிழல் நின்றது. காரணம் துணியில் இல்லை, உள்ளே இருக்கும் கேன்வாஸில். காலரிலும் மணிக்கட்டுப் பட்டியிலும் விறைப்புக்காகப் பசை பூசிய கேன்வாஸை வைத்து அழுத்தி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கிளற வெந்நீரில் போட்டால் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும். தொட்டியின் 30 என்ற எண் அந்தக் கேன்வாஸையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மிச்ச நிழலை ஒளிக்கு விட்டுவிட்டேன். அது எப்படி என்பதைச் சதுரத்துக்கான பகுதியில் சொல்கிறேன்.

உலோகப் பொத்தான், கொக்கி, ஜரிகை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பெராக்சைடு வைக்காதீர்கள். இரும்போ செம்போ பட்டால் அந்த இடத்தில் அது வேகமாகச் சிதைந்து, துணியை அரித்து நூல் விடச் செய்யும்.

மங்கல மஞ்சள் மட்டும் என்றால் வேலை எளிது. அதில் எண்ணெய் இல்லை, பாத்திரத் திரவத்தைத் தாண்டி நேராகப் பெராக்சைடுக்குப் போகலாம். அதைவிட நல்ல வழி, மஞ்சளை வெளியே தெரியும் முனையில் வைக்காமல் உள்மடிப்பில் வைப்பது. சம்பிரதாயமும் நடந்துவிடும், சட்டையும் பிழைக்கும்.

அறிகுறி: முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி, கறையோ போகவில்லை

ரேயான் குர்த்தி, பிரிண்ட் போட்ட விஸ்கோஸ், எலாஸ்டேன் கலந்த லெக்கிங்ஸ், பட்டு ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். எல்லா ப்ளீச்சும் போயிற்று என்றதும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் முக்கோணம் ப்ளீச்சைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. குர்குமின் சாராயத்தில் கரையும். அது வெளுப்பதல்ல, கரைத்து எடுப்பது. அதற்கு வட்டத்தைப் பாருங்கள்.

வட்டத்துக்குள் பி அல்லது எஃப் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது சலவைக்கடைக்காரருக்கான குறிப்பு. எந்த டிரை கிளீனிங் கரைப்பானைப் பயன்படுத்தலாம் என்று அவருக்குச் சொல்கிறது. எஃப் என்றால் மென்மையான பெட்ரோலிய வகை மட்டும். நமக்கு அது சொல்வது வேறு: இந்தத் துணியின் பிரிண்டும் பசையும் கரைப்பானைக் கண்டால் உடனே உதிர்பவை அல்ல. சாராயம் அதே கரைப்பான் இல்லை என்பதால் இது உறுதியான அனுமதியாகாது, சோதித்துப் பார்க்கலாம் என்ற அளவுக்கு நம்பிக்கை தருகிறது. வட்டமும் பெருக்கல் குறி போட்டு அடிக்கப்பட்டிருந்தால் ரப்பர் பிரிண்ட், பூச்சு, ஒட்டிய கற்கள் என்று ஏதோ ஒன்று அதில் கரையக்கூடும் என்று கொள்ளுங்கள்.

வட்டம் இடம் கொடுத்தால் மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கள். வழக்கமான உள்மடிப்புச் சோதனை முடிந்ததும், மடித்த வெள்ளைத் துணிமேல் கறையின் முகம் கீழே பார்க்கும்படி வையுங்கள். பின்புறத்திலிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் மஞ்சள் கீழே உள்ள வெள்ளைத் துணிக்கு இறங்குவது தெரியும். அந்தத் துணியை நகர்த்தி நகர்த்திச் சுத்தமான இடத்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் இறங்கிய மஞ்சள் திரும்ப ஏறும். தேய்க்கக் கூடாது. ரேயானும் விஸ்கோஸும் ஈரத்தில் வலு இழப்பவை. அந்த நிலையில் தேய்த்தால் கறை போன இடம் நைந்து பஞ்சு எழும்பி நிற்கும், அதற்குப் பரிகாரம் இல்லை. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள்.

நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் மஞ்சளைக் கரைக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் லேபிளில் அசிட்டேட் என்ற சொல் இருந்தால் அது துணியையே கரைத்துவிடும். ஸ்பிரிட் போதும்.

அறிகுறி: வெயிலில் போடலாம் என்றால் சதுரத்தின் மூலையில் கோடு இருக்கிறது

மஞ்சள் ஒளியைத் தாங்காது. ஈரத்தோடு வெயிலில் போட்ட வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் ஒரு பகலிலேயே வெகுவாக மங்கும். எண்ணெய் நீங்கியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நம் பாட்டிமார்கள் எந்த லேபிளும் பார்க்காமல் கண்டுகொண்ட முறை இது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது வெள்ளை வேட்டி. நீலமும் கருஞ்சிவப்பும் கறுப்பும் மஞ்சளோடு சேர்ந்தே வெளுக்கும்.

சதுரத்துக்குள் நேர்க்கோடு என்றால் தொங்கவிட்டுக் காயவைக்கலாம், குறுக்குக்கோடு என்றால் தட்டையாகப் பரப்ப வேண்டும். இடது மேல்மூலையில் சாய்கோடு ஒன்றோ இரண்டோ இருந்தால் நிழல். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் அது உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றியது, வெயிலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

மூலையில் கோடு இல்லையென்றால் கறைப் பகுதியை ஈரமாக வைத்து வெயிலில் காட்டுங்கள். நிறத்துணியாக இருந்தால் மற்ற பகுதியை ஒரு பழைய துண்டால் மூடிவிடுங்கள். மூலையில் கோடு இருந்தால் நேர்வெயில் வேண்டாம், வெளிச்சமான தாழ்வாரம் போதும். நேர்வெயிலைவிட மெதுவாக, நாட்கணக்கில் வேலை நடக்கும், ஆனால் நடக்கும். மாப்பிள்ளையின் நீலச் சட்டையை அப்படித்தான் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில், மணிக்கட்டுப் பட்டி வெளியே தெரியும்படி தொங்கவிட்டேன். அந்த வாரத்துக்குள் நிழல் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கியது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் கேன்வாஸில் இன்னும் இருக்கும். யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

பொங்கல் கறைக்கு வெயில் கிடைக்கும். தீபாவளிக் கறைக்குக் கிடைக்காது, அது புதுச்சேரியிலும் கடலூரிலும் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வரும் பண்டிகை. அப்போது சட்டையைப் பல நாள் ஈரமாகத் தொங்கவிட்டால் மஞ்சள் போகும் முன் பூஞ்சைக் கரும்புள்ளி வந்துவிடும். மழைக்காலத்தில் முக்கோணத்தையோ வட்டத்தையோ நம்புங்கள்.

அறிகுறி: மஞ்சள் போய்விட்டது, காய்ந்ததும் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரிகிறது

எண்ணெய் மீந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போது தெரியாது, காய்ந்த பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி போல ஒளியை விடும். பாத்திரத் திரவத்தை உலர்ந்த துணிமேல் நேரடியாக விட்டு அரை மணி நேரம் வைத்து, தொட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு உட்பட்ட அதிகபட்சச் சூட்டில் அலசுங்கள். இந்த ஒரு இடத்தில்தான் அந்த எண்ணின் எல்லைவரை போவது பயன் தரும். தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் மட்டும், 40 டிகிரிக்குள். சூடு பட்டு இறுகிப்போன எண்ணெயாக இருந்தால், அதாவது யாராவது ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்தால், இரண்டு மூன்று தடவை தேவைப்படும். பாலியஸ்டரில் முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

அறிகுறி: கறை போன இடத்தில் வேறொரு தழும்பு

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றின் முடிவும் வேறு. அந்த இடம் துணியின் நிறத்தைவிட வெளிறி, விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் ப்ளீச் சாயத்தைத் தின்றிருக்கிறது. அது திரும்பாது. வெளிறிய இடத்தைச் சுற்றித் துணியின் நிறமே அடர்ந்த வளையமாக நின்றால் சாயம் கரைந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. காயவிடாமல் துணி முழுவதையும் குளிர்ந்த தண்ணீரில் உடனே அலசினால் பெரும்பாலும் சமன்படும். காய்ந்துவிட்டால் கடினம்.

மூன்றாவது, தந்தநிறம், இளமஞ்சள், சந்தன நிறத் துணிகளில் வருவது: அந்த இடம் மட்டும் பளீரென்று நீலவெள்ளையாக மின்னும். சாயம் போனதாகத் தோன்றும், உண்மையில் சலவைத்தூளில் உள்ள வெண்மை கூட்டும் பொருள் அங்கே மட்டும் ஒட்டியிருக்கிறது. அதே தூளில் துணி முழுவதையும் ஒருமுறை துவைத்தால் வித்தியாசம் குறையும், ஆனால் சந்தனம் சற்று வெள்ளையாகும். வெளிர்நிறத் துணிகளுக்கு இந்தப் பொருள் கலக்காத திரவ சோப்பைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்வது மேல்.

அறிகுறி: தொட்டியே அடிக்கப்பட்டிருக்கிறது

லைனிங் வைத்த பட்டு ரவிக்கை, கோட், வேலைப்பாடு அதிகமுள்ள லெஹங்கா. தண்ணீரே படக்கூடாது. நனைத்தால் மஞ்சளைவிடப் பெரிய நீர்வளையம் மிஞ்சும், லைனிங் சுருங்கி மேல்துணி தொங்கும். கெட்டியான பருப்பைக் கரண்டி முனையால் வழித்தெடுத்து, அரிசி மாவையோ டால்கம் பவுடரையோ கறைமேல் தூவி அரை மணி நேரம் வைத்துத் தட்டிவிடுங்கள். எண்ணெய் கொஞ்சம் ஏறி வரும். பிறகு வட்டத்தில் எழுத்து இருந்தால் டிரை கிளீனிங் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் "கறை இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. மஞ்சள் கலந்த சாம்பார் என்று சொல்லுங்கள், வீட்டில் ஏதாவது போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், லேபிளைக் காட்டுங்கள். இயந்திரத்தில் போடும் கரைப்பான் எண்ணெயை எடுக்கும், மஞ்சளைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் கறையைத் தனியாகக் கையால் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தொட்டி, வட்டம் இரண்டும் அடிக்கப்பட்டிருந்தால் நான் மாவோடு நிறுத்திவிடுவேன்.

அறிகுறி: லேபிளே இல்லை

சேலைகளில் பெரும்பாலும் இருக்காது. துணி எடுத்துத் தைத்ததிலும் இருக்காது. மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியவற்றில் சில நேரம் வெட்டப்பட்டிருக்கும், அப்படி வெட்டிய நுனியாவது பக்கத் தையலில் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்துங்கள். காகிதம் எரிவதுபோல் மணந்து மென்மையான சாம்பலானால் பருத்தி, லினன் அல்லது ரேயான். முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. கலப்புத் துணியில் இரண்டும் கலந்து வரும்.

இழை தெரிந்தாலும் சாயம் தெரியாது. அதைச் சொல்வது உள்மடிப்புச் சோதனை மட்டுமே. வெள்ளைப் பருத்தி என்று உறுதியானால் பெராக்சைடும் வெயிலும். நிறத்துணி என்றால் பாத்திரத் திரவம், பிறகு ஸ்பிரிட், இரண்டும் சோதனைக்குப் பின். பட்டு என்றால் மாவு, பிறகு சலவைக்கடை. தைக்காத மிச்சத் துண்டு தையற்காரரிடம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்மடிப்பைவிட அதில் தாராளமாகச் சோதிக்கலாம், ஒரு சொட்டு சாம்பாரையே விட்டுப் பார்க்கலாம்.